கையெழுத்துக்கு முன் ஒரு போன்

பனியன் கம்பெனிக்கு இஆர்பி சாஃப்ட்வேர் விற்க வருகிறவர் காட்டும் டெமோவில் 1,000 கிலோ கிரே துணி சாயப்பட்டறைக்குப் போகும்; 1,000 கிலோ கலர் துணியாகத் திரும்பி வரும். கணக்கு திரையில் பச்சை நிறத்தில் நேராகிவிடும். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பிப் பழகிய யாருக்கும் தெரியும், நிஜத்தில் அப்படி நடப்பதே இல்லை. மூன்று டிசியில் போன துணி ஐந்து லாட்டாகத் திரும்பும். எடை குறைந்திருக்கும். ஒரு லாட்டில் ஷேடு ஒத்துவராமல் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அது மறுபடி சாயம் ஏறி, இன்னும் கொஞ்சம் எடை இழந்து அடுத்த மாதம் வந்து சேரும்.

இந்தக் குழப்பத்தை எல்லாம் அந்த சாஃப்ட்வேர் தாங்குமா என்று டெமோவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. டெமோ ஓடுவது விற்கிறவர் தயாரித்து வைத்த டேட்டாவில். உண்மையைச் சொல்லக்கூடியவர், அதே சாஃப்ட்வேரை ஏற்கெனவே வாங்கி, இரண்டு மூன்று வருடமாக அதில் தினமும் டிசி போட்டுக்கொண்டிருக்கிறவர்தான். அவரோடு அரை மணி நேரம் போனில் பேச ஏற்பாடு செய்யுங்கள் என்று விற்பனையாளரிடம் கேட்பதைத்தான் ரெஃபரன்ஸ் கால் என்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் இது வாங்கும் முறையிலேயே ஒரு படி. நம் ஊர் நடுத்தரக் கம்பெனிகளில் இதைக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்கிறவர்களிலும் பலர் விற்பனையாளர் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டு, "நல்லா இருக்குங்களா?" என்று கேட்டு, "நல்லா இருக்குங்க" என்ற பதிலோடு வைத்துவிடுகிறார்கள். அந்தப் போனால் ஒரு பயனும் இல்லை.

எவ்வளவு பணம் இதில் தொங்குகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். திருப்பூரில் ஆண்டுக்கு 60 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். நூல் வாங்கி, நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் காம்பாக்டிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து, கட்டிங்கும் தையலும் தங்கள் யூனிட்டிலேயே செய்கிறார்கள். கணக்கு டேலியில் இருக்கிறது, மற்றதெல்லாம் எக்செல்லில். இப்போது ஐந்து வருட ஒப்பந்தத்தில் கிளவுட் இஆர்பி வாங்கப் போகிறார்கள். 40 பேர் பயன்படுத்துவார்கள், ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய். வருடத்துக்கு 7,20,000 ரூபாய் ஆகிறது. நிறுவித் தருவதற்குத் தனியாக 12 லட்சம். முதலாளி மனதுக்குள் 36 லட்சமும் 12 லட்சமும் கூட்டி 48 லட்சம் என்று வைத்துக்கொள்கிறார். ஆனால் ஒப்பந்தத்தின் உள்ளே, சந்தா ஆண்டுக்கு 10 சதவீதம் உயரும் என்று ஒரு வரி இருந்தால் ஐந்து வருடச் சந்தா மட்டும் 44 லட்சத்தை ஒட்டி வந்துவிடும். 40 பேர் 60 பேரானால் இன்னும் மேலே. பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ஸ்டோரிலும் மெர்ச்சண்டைசிங்கிலும் இருக்கும் ஆட்கள் ஆறேழு மாதம் தங்கள் வேலையோடு இந்த வேலையையும் சேர்த்துச் சுமப்பார்கள். சரிவரவில்லை என்று இரண்டாவது வருடத்தில் தெரிந்தாலும், மறுபடி அதே பாட்டைப் பட யாருக்கும் தெம்பு இருக்காது. அதனால்தான் பிடிக்காத சாஃப்ட்வேரோடு கம்பெனிகள் வருடக்கணக்கில் ஓட்டுகின்றன.

ரெஃபரன்ஸ் கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு. முதல் சந்திப்பிலேயே கேட்டால் விற்பனையாளர் தயங்குவார், அதில் நியாயமும் இருக்கிறது. அவருக்காகப் பேச ஒப்புக்கொள்ளும் வாடிக்கையாளர்கள் சிலர்தான். வருகிற ஒவ்வொருவருக்காகவும் அவர்களைத் தொந்தரவு செய்ய முடியாது. விலை பேசி முடித்த பிறகு கேட்டால் உங்கள் பிடி போய்விடும். மார்ச் 31க்குள் கையெழுத்து ஆனால்தான் இந்தத் தள்ளுபடி என்று அவர் அவசரப்படுத்துவார், நீங்களும் மனதளவில் வாங்கி முடித்திருப்பீர்கள். நான் சொல்வது, முதல் சந்திப்பில் சொல்லிவைத்துவிட்டு, கடைசி இரண்டு கம்பெனிகளில் வந்து நிற்கும்போது கேளுங்கள். விலை பேச்சு இன்னும் முடியாமல் இருக்க வேண்டும். ரெஃபரன்ஸ் பேசிய பிறகுதான் கடைசி விலையும் ஷரத்துகளும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள். ஏன் இந்த வரிசை என்பது கீழே தெரியும்.

யாரோடு பேச வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். "ரெண்டு ரெஃபரன்ஸ் குடுங்க" என்று பொதுவாகக் கேட்டால், விற்பனையாளர் தன் வாடிக்கையாளர்களிலேயே மிக மகிழ்ச்சியான இரண்டு பேரைத்தான் கொடுப்பார். அதில் தவறு சொல்ல எதுவுமில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நம் கம்பெனியின் கேள்வி இப்படி இருக்கலாம்: பின்னலாடை ஏற்றுமதி செய்கிறவராக, ஜாப் ஒர்க் வெளியே கொடுக்கிறவராக, நம்மைப் போல 30 முதல் 80 பேர் பயன்படுத்துகிறவராக ஒருவர் வேண்டும். அவர் கடந்த ஒரு வருடத்துக்குள் கோ-லைவ் ஆனவராக இருக்கட்டும். இன்னொருவர் முதல் ஒப்பந்தக் காலம் முடிந்து ஒரு தடவையாவது ரெனியூவல் செய்தவராக இருக்கட்டும். புதியவருக்கு நிறுவிய காலத்துச் சிரமங்கள் மறந்திருக்காது, இப்போது அந்தக் கம்பெனியில் இருக்கும் ஆட்களைப் பற்றியும் தெரியும். பழையவருக்கு விலை எப்படி ஏறியது, மூன்றாவது வருடத்தில் சப்போர்ட் எப்படி மாறியது என்று தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்பதால் இரண்டு பேருமே வேண்டும்.

திருப்பூருக்குள் கேட்டால் ஒரு சிக்கல் வரும். பக்கத்துத் தெரு ஏற்றுமதியாளர் உங்கள் போட்டியாளர். ஒரே பையருக்கு இரண்டு பேரும் கோட் செய்துகொண்டிருப்பீர்கள். அவர் பேசத் தயங்குவார். உடனே விற்பனையாளர், "கரூர்ல பெரிய பார்ட்டி ஒண்ணு இருக்குங்க, பக்கம்தான்" என்பார். கரூர் பக்கம்தான், ஆனால் அங்கே நடப்பது தறியில் நெய்கிற வீட்டு ஜவுளி. மீட்டரில் நெய்து, செட்டாகப் பேக் செய்கிற தொழில் அது. உங்களுடையது கிலோவில் வாங்கி, கிலோவில் சாயம் ஏற்றி, கட்டிங் டேபிளில் திடீரென்று பீஸாக மாறுகிற தொழில். கிலோ பீஸாகும் அந்த இடத்தில்தான் பொதுவான சாஃப்ட்வேர்கள் தடுமாறும். கரூர்க்காரர் எவ்வளவு நேர்மையாகப் பேசினாலும் அந்த இடத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. லூதியானாவில் இருக்கும் ஒரு நிட்வேர் கம்பெனி 2,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும் உங்களுக்கு நெருக்கமான ரெஃபரன்ஸ். ஊர் தூரத்தைவிட வேலை முறை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் எஸ்ஏபி மென்பொருளில் 2011இல் தொடங்கிய ஒரு பெரிய திட்டத்தை, ஏழு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, 2018இல் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமான ஒன்று, லிடில் தன் சரக்கிருப்பை வாங்கிய விலையில் மதிப்பிட்டு வந்தது. அந்த மென்பொருளோ விற்கும் விலையை வைத்து மதிப்பிடும்படி அமைந்திருந்தது. தன் பழக்கத்தை மாற்ற லிடில் விரும்பவில்லை. மென்பொருளை வளைக்கப் போய் வேலை வளர்ந்துகொண்டே போனது. அதே மென்பொருளை நன்றாகப் பயன்படுத்தும் சில்லறை வணிக நிறுவனங்கள் உலகில் நிறைய உண்டு. அவர்களிடம் பொதுவாக விசாரித்திருந்தால் எல்லோரும் நல்லதாகவே சொல்லியிருப்பார்கள். நாம் மற்றவர்களிடமிருந்து எங்கே வேறுபடுகிறோம் என்று முதலில் நமக்குத் தெரிந்திருந்தால்தான், அந்த இடத்தைக் குறிவைத்துக் கேட்க முடியும்.

போன் செய்யும் முன் இரண்டு சின்ன ஏற்பாடுகள். விற்பனையாளர் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அறிமுகம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவரும் லைனில் இருந்தால் எதிர்முனையில் இருப்பவர் மரியாதைக்காகவே நல்ல வார்த்தை மட்டும் சொல்வார். அடுத்தது, எதிர்முனையில் யார் பேசுகிறார் என்பது. சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்த முதலாளியோ ஐடி மேனேஜரோ தன் முடிவைத் தானே குறை சொல்ல மாட்டார். அவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, "ஸ்டோர்ல டிசி போடுறவங்ககிட்ட கொஞ்சம் பேசலாங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இனி அந்தப் போன். நம் கம்பெனியின் கணக்கு மேலாளர், ரெஃபரன்ஸ் கம்பெனியின் ஃபேப்ரிக் ஸ்டோர் பொறுப்பாளரோடு பேசுகிறார் என்று வையுங்கள். இப்படித்தான் நடக்கும் என்பதற்கு ஒரு மாதிரியாக இதை எழுதுகிறேன்.

"சாஃப்ட்வேர் எப்படிங்க சார் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குங்க மேடம். ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க."

இங்கேயே நிறுத்தினால் பேசாமலே இருந்திருக்கலாம். மேலாளர் அடுத்துக் கேட்கிறார்: "போன மாசம் சாயப்பட்டறைக் கணக்கு முடிச்சீங்கள்ல, அது எப்படிங்க முடிச்சீங்க? எந்தத் திரையில?"

கொஞ்சம் மௌனம். "அதுங்களா... டிசி எல்லாம் இதுலதான் போடுறோமுங்க. வந்ததும் இதுலயே இன்வர்டு போட்டுருவோம். லாஸ் மட்டும் தனியா எக்செல்லுல வெச்சிருக்கோம்."

"ஏங்க சார், அதுல வராதுங்களா?"

"வருமுங்க. ஆனா ஒரு டிசிக்கு ஒரு இன்வர்டுன்னா வரும். நமக்கு மூணு டிசிது கலந்து வருதில்லீங்களா, அப்ப எதுக்கு எதுன்னு பிரிக்கச் சொல்லும். அதுக்கு நேரம் எங்கீங்க? எக்செல்லுல மொத்தமா போட்டு, மாசக் கடைசில ஒரே என்ட்ரியா அட்ஜஸ்ட் பண்ணிருவோம்."

டெமோவில் பச்சை நிறத்தில் நேராகிய கணக்கு, நிஜத்தில் மாதக் கடைசியில் ஒரே அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரியில் நேராகிறது. இந்தக் கம்பெனி அதோடு சந்தோஷமாகவே இருக்கிறது. நம் கம்பெனிக்கு இது பெரிய விஷயம். எந்தச் சாயப்பட்டறை எவ்வளவு எடை இழக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் அவர்கள் இஆர்பியே வாங்குகிறார்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். ஐடிசி-04 படிவத்தில் போனது, வந்தது, இடையில் இழந்தது எல்லாம் காட்ட வேண்டும். அந்தப் படிவம் சாஃப்ட்வேரிலிருந்து நேரே வருமா, இந்த எக்செல்லைப் பார்த்து ஆடிட்டர் ஆபீஸில் கையால் தயாரிக்கிறார்களா என்பதுதான் மேலாளர் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி.

மேலாளர் இரண்டாவது கேள்வியில் என்ன செய்தார் என்று கவனியுங்கள். கருத்து கேட்கவில்லை. போன மாதம் நடந்த ஒரு குறிப்பிட்ட வேலையை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். கருத்தை யாரும் நல்லபடியாகச் சொல்லிவிட முடியும். போன மாதம் செய்த வேலையைச் சொல்லும்போது மனிதர்கள் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள். அதில் குறை இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றாது. சாஃப்ட்வேர் வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எக்செல் எது, அது எதற்காக என்று கேட்பதை எல்லாப் போனிலும் செய்யுங்கள். சாஃப்ட்வேரால் முடியாததெல்லாம் அந்த எக்செல்லில் இருக்கும்.

மற்றக் கேள்விகளையும் இதே மாதிரி நடந்ததைப் பற்றிக் கேட்கலாம். சப்போர்ட் நன்றாக இருக்கிறதா என்று கேட்பதற்குப் பதில், "கடைசியா எப்ப நின்னு போச்சுங்க? அன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். ஷிப்மென்ட் அன்று சாயங்காலம் இன்வாய்ஸ் போட முடியாமல் லாரி வாசலில் நின்ற கதை ஒன்று எங்காவது இருக்கும். போனை எடுத்தது யார், எவ்வளவு நேரத்தில் சரியானது என்பதில்தான் சப்போர்ட்டின் தரம் தெரியும். கோ-லைவ் எந்த மாதம் என்று சொன்னார்கள், எந்த மாதம் நடந்தது, இடையில் எது தாமதமாக்கியது என்று கேளுங்கள். தாமதம் இல்லாத இடமே கிடையாது. காரணம்தான் நமக்கு வேண்டும். வாடிக்கையாளரே பழைய டேட்டாவைச் சுத்தம் செய்து கொடுக்கத் தாமதித்திருந்தால் அது ஒரு கதை. விற்பனையாளரின் ஆள் பாதியில் வேலையை விட்டுப் போய், புதிதாக வந்தவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது என்றால் அது வேறு கதை.

ஆளைப் பற்றி வரும் பாராட்டை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "அங்க ஒரு தம்பி இருக்காருங்க, எப்பக் கூப்பிட்டாலும் வந்துருவாரு, தங்கமான பையன்" என்று பலர் மனதாரச் சொல்வார்கள். நல்ல செய்திதான். ஆனால் பாராட்டு முழுக்க அந்த ஒருவரைப் பற்றியே இருந்தால், சாஃப்ட்வேரின் ஓட்டைகளை அந்தத் தம்பி தன் உழைப்பால் அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவர் இன்னும் அந்தக் கம்பெனியில் இருக்கிறாரா, உங்கள் வேலைக்கும் அவரே வருவாரா என்று உடனே விசாரியுங்கள். வருவார் என்றால் அவர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

விலையைக் கேட்பதில் ஒரு வரம்பு உண்டு. தங்கள் ஒப்பந்த விலையை வெளியே சொல்லக் கூடாது என்று அவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ரூபாய்க் கணக்கு கேட்காதீர்கள். முதலில் கொடுத்த கோட்டேஷனுக்கும் கடைசியில் கட்டியதற்கும் எத்தனை சதவீதம் வித்தியாசம், எதெல்லாம் தனியாகக் காசு கேட்ட வேலைகள், ரெனியூவலில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேட்டால் போதும். பையர் பெயர், ஆர்டர் அளவு போன்றவற்றின் பக்கமே போகாதீர்கள். அனுமதி கேட்காமல் பேச்சைப் பதிவு செய்வதும் கூடாது. உங்களுக்காக அரை மணி நேரம் ஒதுக்கி, தங்கள் கஷ்டத்தைத் திறந்து சொல்கிற மனிதர்கள் அவர்கள். அவர்கள் சொன்ன குறையை அப்படியே அவர்கள் பெயரோடு விற்பனையாளரிடம் போய்ச் சொல்வதைப் போன்ற துரோகம் வேறில்லை. நாளை அவர்களுக்கு ஒரு அவசரம் என்றால் போனை எடுக்க வேண்டியவர் அந்த விற்பனையாளர்தான்.

ரெஃபரன்ஸ் தருகிறவருக்கு அதில் ஏதாவது ஆதாயம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடலாம். வாடிக்கையாளர் ரெஃபரன்ஸ் தர ஒப்புக்கொண்டால் சந்தாவில் தள்ளுபடி தருவது மென்பொருள் தொழிலில் வழக்கமான ஒன்று. சில சமயம் உறவினராகவோ பங்குதாரராகவோ இருப்பார். இருந்தால் அவர் சொல்வது பொய் என்று ஆகிவிடாது. குறை சொல்ல அவருக்குக் கூச்சம் இருக்கும் என்பதை மனதில் வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு பேரோடும் பேசி முடித்த பிறகு, மூன்றாவதாக ஒருவர் வேண்டும்: இந்த சாஃப்ட்வேரை வாங்கிப் பயன்படுத்திவிட்டு விட்டுப் போனவர். இதை விற்பனையாளரிடம் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள். "போன ரெண்டு வருஷத்துல உங்களை விட்டுப் போனவங்க யாராச்சும் உண்டா சார்? எதனால போனாங்க?" பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, சொல்லாவிட்டாலும் அவர் தரும் பதில் முக்கியம். "ஒருத்தர் போனாங்க, அவங்க யூனிட்டை மூடிட்டாங்க, இன்னொருத்தருக்கு தையல் லைன்ல ஒவ்வொரு பண்டிலையும் ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும்னு தேவை இருந்துச்சு, எங்ககிட்ட அது இல்லை" என்று சொல்கிறவர் தன் பொருளின் எல்லையைத் தெரிந்தவர். "எங்களை விட்டு யாருமே போனதில்லைங்க" என்று பத்து வருடமாக விற்கும் ஒருவர் சொன்னால் எனக்குக் கவலை வரும். அவர் தராவிட்டாலும் வழி உண்டு. உங்கள் ஆடிட்டர் ஆபீஸுக்கு எத்தனையோ கம்பெனிகளின் டேட்டா எந்தெந்த சாஃப்ட்வேரிலிருந்து வருகிறது என்று தெரியும். யார் மாறினார்கள் என்றும் தெரியும். அவர்கள் வழியாக, அந்தக் கம்பெனியின் சம்மதத்தோடு பேசலாம்.

விட்டுப் போனவரிடம் கேட்க வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான். உங்கள் டேட்டா எப்படி, எந்த வடிவில் கையில் கிடைத்தது? இது ஏன் முக்கியம் என்றால், கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். சாஃப்ட்வேர் ஒப்பந்தமோ ஐந்து வருடம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில் யார் எந்த என்ட்ரியை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவும் இருக்க வேண்டும். அதையும் பாதுகாக்க வேண்டும். கிளவுட் சந்தா முடிந்த மறுநாள் லாகின் நின்றுவிட்டால் மீதி வருடங்களுக்கு அந்தப் பதிவை எங்கிருந்து எடுப்பது? விட்டுப் போன ஒருவர், "லெட்ஜர் எல்லாம் எக்செல்லா குடுத்தாங்க, ஆனா பில் காப்பியும் மாத்துன ஹிஸ்டரியும் வரலீங்க, அதுக்குத் தனியா காசு கேட்டாங்க" என்று சொன்னால், அது உங்கள் ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய ஒரு ஷரத்து.

விலையும் ஷரத்தும் ரெஃபரன்ஸுக்குப் பிறகுதான் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். போனில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு தைரியமாகவோ பயந்தோ கையெழுத்துப் போடுவதால் ஒன்றும் ஆகாது. கேட்ட ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக மாற்ற வேண்டும்.

நம் கம்பெனி இப்படிச் செய்யலாம். சாயப்பட்டறைக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. விற்பனையாளரைக் கூப்பிட்டு, யார் சொன்னது என்ற பேச்சே இல்லாமல், தங்கள் போன மாதத்து நிஜமான டிசிகளையும் இன்வர்டுகளையும் கொடுத்து, மறு சாயத்துக்குப் போன லாட்டையும் சேர்த்து, இதை உங்கள் சாஃப்ட்வேரில் முடித்துக் காட்டுங்கள் என்று கேட்கிறார்கள். முடிந்தால் நல்லது. முடியாது, அதற்கு மாற்றம் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னால், அந்த மாற்றம் கோட்டேஷனுக்குள் வர வேண்டும். நிறுவும் கட்டணம் 12 லட்சத்தில் ஒரு நல்ல பகுதியை, ஒரு முழு மாதத்துச் சாயக் கணக்கு எக்செல் இல்லாமல் முடிந்த பிறகுதான் தருவோம் என்று எழுதுகிறார்கள்.

கோ-லைவ் நான்கு மாதம் என்று சொல்லி எட்டு மாதம் ஆனதாக இரண்டு ரெஃபரன்ஸும் சொன்னார்கள் என்று வையுங்கள். பல சந்தா ஒப்பந்தங்களில் மீட்டர் ஓட ஆரம்பிப்பது கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து. மாதம் 60,000 ரூபாய் வீதம் எட்டு மாதத்துக்கு 4,80,000 ரூபாயை, ஒரு டிசிகூடப் போடாத சாஃப்ட்வேருக்குக் கட்டியிருப்பார்கள். எனவே சந்தா கோ-லைவ் தேதியிலிருந்துதான் தொடங்கும், ஐந்து வருடமும் அன்றிலிருந்துதான் கணக்கு என்று மாற்றச் சொல்கிறார்கள். விற்பனையாளர் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டார். கோ-லைவ் வரை பத்து பேருக்கான சந்தா மட்டும் என்ற நடுவழி கிடைக்கலாம். அதுவே மாதம் 45,000 மிச்சம். ஆண்டு உயர்வுக்கு 5 சதவீத உச்சவரம்பு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஷரத்து இருந்தால் 90 நாள் முன்பு எழுத்தில் நினைவூட்டல், முடியும்போது இணைப்புகளும் மாற்றப் பதிவும் உட்பட முழு டேட்டா கூடுதல் கட்டணமின்றி: இவையெல்லாம் கேட்டால் கிடைக்கக்கூடியவை. கேட்காவிட்டால் யாரும் தாமாகத் தருவதில்லை.

இத்தனைக்கும் பிறகு, இரண்டு மூன்று பேர் சொன்னது எல்லோருடைய அனுபவமும் ஆகிவிடாது. அவர்கள் பயன்படுத்துவது பழைய பதிப்பாக இருக்கலாம், உங்களுக்கு விற்கப்படுவது புதிதாக எழுதியது. எந்தப் பதிப்பு, சர்வர் அவர்கள் ஆபீஸிலா கிளவுடிலா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் இந்தப் பிசகு வராது. ஒருவர் சொன்ன குறையை இன்னொருவரும் தானாகச் சொன்னால் நம்பலாம். ஒருவர் மட்டும் சொன்னால் விற்பனையாளரிடம் விளக்கம் கேட்கலாம். புதிதாகத் தொழில் தொடங்கி, காட்டுவதற்கு வாடிக்கையாளரே இல்லாத விற்பனையாளரும் உண்டு. அவரிடம் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் வேண்டாம். ஒரு வருடம் போடுங்கள், ஆறாவது மாதத்தில் விலகும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வரும் ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இன்னொரு ஷரத்தும் இருக்கக்கூடும். விற்பனையாளர் உங்கள் பெயரையும் லோகோவையும் விளம்பரத்தில் பயன்படுத்தலாம், வருங்கால வாடிக்கையாளர்களிடம் நீங்கள் ரெஃபரன்ஸ் பேச வேண்டும் என்று அது சொல்லும். அதை அடித்துவிடத் தேவையில்லை. திருத்திக்கொள்ளுங்கள்: கோ-லைவ் ஆகி ஆறு மாதம் கழித்துத்தான், வருடத்துக்கு இரண்டு போனுக்கு மேல் இல்லை, பேசும்போது விற்பனையாளர் லைனில் இருக்க மாட்டார், நடந்ததை நடந்தபடி சொல்ல எங்களுக்குத் தடை இல்லை. கடைசி வரியை அவர் எடுக்கச் சொன்னால், அவர் உங்களுக்குக் கொடுத்த ரெஃபரன்ஸ்களும் அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்களை இன்னொரு தடவை கூப்பிட்டு அதைக் கேட்டுவிட்டு மேலே நகருங்கள்.